லேபிள் சர்வீஸ் கிளம்பாத காலை

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி செய்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பு. அறை என்று சொல்வதெல்லாம் ஒரு பெருமைக்குத்தான். பேக்கிங் ஹாலின் மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு, உள்ளே ஒரு மேஜை, ஒரு மானிட்டர், இரும்பு ரேக்கில் ஒரு லினக்ஸ் பெட்டி, பக்கத்தில் லேபிள் பிரிண்டர். ஏ.சி. உண்டு, ஆனால் அது பெட்டிக்காகப் போட்டது. எனக்காகப் போட்டது என்று நினைத்து ஒரு முறை டெம்பரேச்சரைக் கூட்டி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அது போகும்போது யார் மேல் ஏறிப் போகிறது என்று பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஒரு காலை நேரம். அந்தக் காலைக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துணியை வெட்டி, மடித்து, உறையில் போட்டு ஒட்டியதும் மொத்தமாகக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைஸருக்குள் ஏற்றுவார்கள். ஒரு தடவை உள்ளே போய் வெளியே வருவது ஒரு லோடு. லோடுக்கு ஒரு நம்பர். அந்த நம்பரும் தேதியும் அச்சடித்த லேபிள் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத பெட்டியை எந்த ஆஸ்பத்திரியும் உள்ளே விடாது. விடவும் கூடாது. இந்த லேபிளை அடிக்கும் புரோகிராம் லினக்ஸ் பெட்டிக்குள் ஒரு சர்வீஸாக ஓடுகிறது. பெட்டியை ஆன் செய்தால் யாரும் சொல்லாமல் தானே கிளம்பும். நாங்கள் அதை லேபிள் சர்வீஸ் என்போம்.

பெட்டியைக் காலையில் ஆன் செய்வது என் வேலை இல்லை. பேக்கிங்கில் லோடு நம்பர் பதிகிற பெண்ணின் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ஏழேகால் பஸ் பிடித்து வருவாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். எட்டு மணிக்கு ஹாலில் முதல் ஆளாக அவள் செருப்புதான் வெளியே கிடக்கும். ஆறு வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததும் நிரந்தரம் ஆக்கப் போகிறவர்கள் பட்டியல் முதலாளியிடம் போக இருந்தது. அதில் அவள் பெயர் இருப்பது ஹாலில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரியாதது போல நடந்துகொள்வாள்.

ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் விஜயதசமி லீவு. அதற்கும் அடுத்த நாள் காலை நான் ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே லாரி நின்றது. உள்ளே மேனேஜர் என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் லாரி நிற்கும்போது அவர் வேறு ஆள்.

"லேபிள் வரலம்மா. எட்டரைலருந்து வரல. டிரைவர் ரெண்டு டீ குடிச்சாச்சு."

அந்தப் பெண் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "ஆன் பண்ணுனேங்க்கா. எப்பவும் போலத்தான் பண்ணுனேன். லேபிள் மட்டும் வரமாட்டேங்குது."

நான் பையைக்கூட இறக்கவில்லை. நின்றபடியே டைப் செய்தேன். systemctl status என்று அடித்து, சர்வீஸின் பெயரைப் போட்டால், அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று லினக்ஸ் சொல்லும். ஓடிக்கொண்டிருந்தால் பச்சையில் ஆக்டிவ் என்று வரும். கிளம்பி விழுந்திருந்தால் சிவப்பில் ஃபெயில்டு என்று வரும். ஏழு வருஷத்தில் காலையில் ஆன் செய்த பிறகு நான் பார்த்தது இந்த இரண்டைத்தான். அன்று சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. 'இன்ஆக்டிவ், டெட்' என்று வெறும் வெள்ளை எழுத்தில் இருந்தது.

இந்த மூன்றாவது வார்த்தையை நான் வேறொரு சமயத்தில்தான் பார்த்திருக்கிறேன். நானே சர்வீஸை நிறுத்திவிட்டு, நின்றுவிட்டதா என்று பார்க்கும்போது அப்படித்தான் வரும். அதனால் என் மண்டையில் உடனே ஒரு முடிவு வந்து உட்கார்ந்துகொண்டது. விழுந்திருந்தால் ஃபெயில்டு என்று வரும். ஃபெயில்டு இல்லை. ஆகவே இது விழவில்லை. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. போதிய அனுமதி இல்லாததால் சில ஜர்னல் ஃபைல்களைத் திறக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கை. அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வாசலில் ஒட்டிய பழைய நோட்டீஸை எப்படிக் கண் தாண்டிப் போகுமோ அப்படித் தாண்டிப் போவேன். அன்றும் போனேன்.

சர்வீஸைக் கிளப்பும் கட்டளையைக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை. கர்சர் அப்படியே நின்றது. பத்து வினாடி, இருபது வினாடி, முப்பது. எனக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது. கண்ட்ரோல் சி அடித்து வெட்டிவிட்டு மறுபடி கொடுத்தேன். மறுபடி நின்றது. மறுபடி வெட்டினேன். மேனேஜரின் மூச்சுக்காற்று என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"இது தானா நிக்கல சார். யாரோ நிறுத்தியிருக்காங்க."

சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் காலை எட்டு மணியிலிருந்து அந்தக் கீபோர்டுக்கு முன்னால் இருந்தது ஒரே ஆள்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "என்னத்தத் தொட்ட?"

"ஒண்ணும் தொடல சார். ஸ்விட்சு மட்டுந்தான் போட்டேன். பொறவு லோடு நம்பர் அடிச்சேன். வரலன்னதும் ரெண்டு மூணு தடவ எண்டர் தட்டுனேன்."

"எண்டர் தட்டுனா நிக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

நிற்காது. எண்டர் தட்டினால் எந்த சர்வீஸும் நிற்காது. அதை அப்போது சொல்லியிருக்கலாம். "வேற ஏதாச்சும் அடிச்சிருப்பா சார்" என்று சொன்னேன். எரிச்சலில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. "நீ வீட்டுக்குப் போ. கூப்பிட்டா வா" என்றார். எங்கள் கம்பெனியில் இந்த இரண்டு வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போன யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஹாலின் நடுவே நடந்து போனாள். மடிப்பு மேஜையில் இருந்த பெண்கள் துணியைப் பார்த்தபடியே இருந்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஒன்பதரைக்குப் பக்கம்.

அதற்குப் பிறகுதான் எனக்கு போன் போடத் தோன்றியது. அந்தப் புரோகிராமை எழுதியவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவருக்கு ஆபீஸ். ஜெராக்ஸ் எடுக்க வருகிற வக்கீல் குமாஸ்தாக்கள் பேசுவது எப்போது போன் போட்டாலும் பின்னால் கேட்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பெட்டிக்கு இன்டர்நெட் கிடையாது. அதனால் அவர் அங்கிருந்தே எட்டிப் பார்க்க வழி இல்லை. என் வாய்தான் அவருக்குக் கண்.

"தம்பி, லேபிள் சர்வீஸ யாரோ நிறுத்திட்டாங்க. ஸ்டார்ட் பண்ணுனா தொங்குது."

"யாரோ நிறுத்திட்டாங்கன்னு எங்க போட்டிருக்குக்கா?"

"டெட்னு போட்டிருக்கு."

"அது சரி. நிறுத்துனாங்கன்னு எங்க போட்டிருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. வக்கீல்களுக்கு எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து இவரும் குறுக்கு விசாரணை பண்ண ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"போட்டோ எடுத்து அனுப்பட்டா?"

"வேண்டாங்க்கா. போட்டோல நீங்க எத முக்கியம்னு நெனைக்கிறீங்களோ அதத்தான் எடுப்பீங்க. வாசிங்க. மொத வரிலருந்து, ஒரு வார்த்த விடாம. செத்த நேரம் ஆனாலும் பரவால்ல. மொதல்ல sudo போட்டு அடிங்க. அப்பத்தான் ஜர்னல் வரி கீழ வரும்."

ஸ்டேட்டஸ் என்பது நிலையை மட்டும் சொல்லும். அந்த நிலைக்கு எப்படி வந்தது என்ற கதை ஜர்னலில் இருக்கிறது. சர்வீஸ்கள் சொல்வதையும், லினக்ஸின் மையமான கெர்னல் சொல்வதையும், யார் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதையும் நேரத்தோடு சேர்த்து அது எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். ஸ்டேட்டஸுக்குக் கீழே அதில் கடைசிச் சில வரிகளைக் காட்டும். ஆனால் எல்லோருக்கும் காட்டாது. சாதாரண லாகினில் பார்த்தால் அனுமதி இல்லை என்று அந்த எச்சரிக்கை மட்டும் வரும். ஏழு வருஷமாக நான் தாண்டிப்போன நோட்டீஸ் சொன்னது இதைத்தான். கதையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் உனக்குக் கொடுக்கிறேன் என்று அது ஒவ்வொரு முறையும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறது.

முழு அனுமதி தரும் sudo என்ற வார்த்தையை முன்னால் போட்டு அடித்தேன். வாசித்தேன். முதல் வரி, லோடட் என்றது. எனேபிள்டு என்றது.

"சரி. சர்வீஸ் ஃபைல் இருக்கு, படிச்சிருச்சு. ஆன் பண்ணுனா கிளம்பணும்னு சொல்லி வச்சதும் அப்படியே இருக்கு. மேல?"

"இன்ஆக்டிவ், டெட்."

"மேல?"

அடுத்து இரண்டு வரிகள். காலை எட்டு மணி ஆறு நிமிஷத்துக்கு என்று நேரம் போட்டிருந்தது. நான் இங்கிலீஷில் இருந்ததை அப்படியே வாசித்தேன். டிபென்டென்சி ஃபெயில்டு ஃபார் லேபிள் சர்வீஸ். அடுத்தது, ஸ்டார்ட் ஜாப் ஃபெயில்டு வித் ரிசல்ட் டிபென்டென்சி.

போனில் அவருக்குப் பின்னால் யாரோ பத்து ஜெராக்ஸ் காப்பி கேட்டார்கள்.

"அக்கா, இத யாரும் நிறுத்தல. நிறுத்தியிருந்தா இன்னைக்கு நேரத்தோட 'ஸ்டாப்டு'னு ஒரு வரி இருக்கணும். இருக்கா?"

"இல்ல."

"இது கிளம்பவே இல்ல. அதுக்கு முந்தி வேற ஒண்ணு வரணும்னு எழுதி வச்சிருக்கேன். அது வரல. வராததுனால இது எந்திரிக்கவே இல்ல. ஓடிப் போயி விழுந்தாத்தான் ஃபெயில்டுனு போடும். இது ஓடவே இல்லயே, அதான் டெட்னு சும்மா இருக்கு."

எட்டு மணி ஆறு நிமிஷம். அவள் ஸ்விட்ச் போட்டது எட்டு மணி சொச்சம். லோடு நம்பர் அடித்தது எட்டரைக்கு. அவள் கீபோர்டில் கை வைப்பதற்கு முன்னாலேயே கதை முடிந்துபோயிருந்தது.

"எது வரல தம்பி?"

"அத நம்ம சர்வீஸோட வரில தேடுனா வராது. journalctl போட்டு மைனஸ் பி அடிங்க. இன்னைக்கு ஆன் பண்ணுனதுலருந்து மொத்தமும் வரும். எட்டு மணி ஆறு நிமிஷத்துக்குப் போயி, அந்த வரிக்கு மேல என்ன இருக்குன்னு வாசிங்க. கீழ இல்ல, மேல."

தேடினேன். இருந்தது. டிபென்டென்சி ஃபெயில்டு என்ற நம் வரிக்கு மேலே, அதே டிபென்டென்சி ஃபெயில்டு இன்னொரு முறை, லேபிள் பதிவுகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரோடு. அதற்கும் மேலே, ஒரு டிவைஸுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்துபோனது என்ற வரி.

"அம்புட்டுதான். வெளிய சொருகுன டிஸ்க்கு வரல. ஒன்றரை நிமிஷம் காத்துக் கெடந்துட்டு விட்டிருச்சு. நீங்க ஸ்டார்ட் குடுத்தப்ப தொங்குச்சுன்னீங்களே, அதுவும் அந்த ஒன்றரை நிமிஷந்தான். வெட்டாம விட்டிருந்தா டிபென்டென்சி போச்சுன்னு அதுவே சொல்லியிருக்கும்."

ஒன்றரை நிமிஷம் நான் பொறுக்கவில்லை. லினக்ஸ் பொறுத்தது.

ரேக்குக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். லேபிள் பதிவுகளெல்லாம் ஒரு கறுப்பு டிஸ்க்கில் இருக்கின்றன. உள்ளங்கை அளவு இருக்கும். கேபிள் தொங்கியது. டிஸ்க் இல்லை.

மேனேஜர் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டிஸ்க்கைக் காணோம் என்றதும் அவர் முகம் மாறியது. "அப்ப எடுத்துட்டுப் போயிட்டாளா?" என்றார்.

தெரியாமல் எதையோ அமுக்கிவிட்டாள் என்பது ஒன்று. திருடினாள் என்பது வேறு. முதலாவதை ஆரம்பித்து வைத்தவள் நான். அது அரை மணி நேரத்தில் இரண்டாவதாக வளர்ந்து என் கண் முன்னால் நின்றது.

தம்பிக்கு போனில் அது கேட்டிருக்க வேண்டும். "அக்கா, அவசரப்படாதீங்க. டிஸ்க்கு எப்ப போச்சுன்னு ஜர்னல் சொல்லும். இன்னைக்கு ஆன் பண்ணும்போதே இல்லன்னா, அதுக்கு முந்துன தடவ ஓடுனப்பத்தான் பாக்கணும். மைனஸ் பிக்குப் பக்கத்துல மைனஸ் ஒண்ணு போடுங்க. போன தடவ ஆன் பண்ணி ஆஃப் பண்ணுன வரைக்கும் காட்டும். கடைசிக்குப் போங்க."

பெட்டியை அணைத்தாலும் ஜர்னல் அழியாதபடி அவர்தான் செய்து வைத்திருந்தார். இல்லையென்றால் ஆன் செய்தவுடன் பழைய கதையெல்லாம் போயிருக்கும். அன்றைக்கு அந்த ஒரு முன்யோசனைக்காகவே அவர் வீட்டு வாசலில் கோலம் போடலாம்.

கடைசிக்குப் போனேன். ஆயுத பூஜை அன்றைய தேதி. மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

பதினொன்று முப்பத்தொன்பது. sudo மூலமாக ஒரு கட்டளை. கட்டளை கொடுத்த லாகினின் பெயர். கொடுத்த கட்டளை, லேபிள் சர்வீஸை நிறுத்து.

"எந்த லாகின்க்கா?"

நான் வாசிக்கவில்லை.

"அக்கா?"

"என்னுது" என்றேன்.

நானே மேலே வாசித்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. நிறுத்தினால்தான் தப்பாகிவிடும் போலிருந்தது. பதினொன்று நாற்பது, லேபிள் சர்வீஸ் நின்றது. அதே நிமிஷத்தில் என் லாகினிலிருந்தே டிஸ்க்கைக் கழற்றத் தயாராக்கும் கட்டளை. பதினொன்று நாற்பத்திரண்டு, கெர்னல் எழுதிய வரி, யு.எஸ்.பி. டிஸ்கனெக்ட். பதினொன்று ஐம்பதுக்குப் பெட்டியே அணைந்துவிட்டது.

எல்லாம் திரும்பி வந்தது. பூஜை அன்று பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் அறையில் படையல். ஸ்டோர் கீப்பர் பெரிய தாம்பாளத்தோடு ஒவ்வொரு செக்‌ஷனாக வந்தார். கட்டிங்கிலிருந்து கத்தரிக்கோல், மெயின்டனன்ஸிலிருந்து ஸ்பேனர், ஆபீஸிலிருந்து பேனாவும் ரெஜிஸ்டரும். என்னிடம் வந்து, "கம்ப்யூட்டர்ல எதயாவது வைங்கம்மா" என்றார். கீபோர்டைத் தரலாம் என்று பார்த்தேன். அதன் இடுக்கில் இருந்த அழுக்கைச் சாமி பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. மவுஸை வைத்தால் ஆபீஸ்காரர்கள் சிரிப்பார்கள். இத்தனை வருஷத்து லோடு நம்பரும் இருக்கிற டிஸ்க்தான் உண்மையான ஆயுதம் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. அதிலும் முறையாகச் செய்தேன். சர்வீஸை நிறுத்தி, டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றி, முந்தானையால் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் லீவு. அதற்கும் மறுநாள் ஸ்டோர் கீப்பர் காலையிலேயே கத்தரிக்கோலையும் ஸ்பேனரையும் அவரவரிடம் கொடுத்துவிட்டார். அத்தனை சாமானுக்கு நடுவில் கறுப்பு டப்பா யாருடையது என்று மறந்துபோய் விட்டுவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

மேனேஜர் அறைக்குப் போனேன். சாமி படத்துக்குக் கீழே, வாடிய சாமந்திக்கு நடுவில், மூன்று சந்தனப் பட்டையோடும் ஒரு குங்குமப் பொட்டோடும் டிஸ்க் இருந்தது. சந்தனம் கேபிள் ஓட்டைக்குள் போகவில்லை. அதற்கும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

சொருகினேன். ஸ்டார்ட் கொடுத்தேன். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை, உடனே திரும்பி வந்தது. ஸ்டேட்டஸ் கேட்டேன். பச்சையில் ஆக்டிவ், ரன்னிங். பிரிண்டர் முதல் லேபிளைத் துப்பியது. டிரைவர் வெளியே மூன்றாவது டீயோடு நின்றிருந்தார்.

போனில் தம்பி இன்னும் இருந்தார். "நம்ம சர்வீஸ் ஃபைல்ல டிஸ்க்கு வேணும்னு எழுதி வச்சதும் நல்லதாப் போச்சுக்கா. இல்லன்னா அது வெறும் ஃபோல்டர்ல புதுசா ஒண்ணாம் நம்பர்லருந்து லோடு போட்டிருக்கும்" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிண்டல் பண்ணியிருக்கலாம், நானாக இருந்தால் பண்ணியிருப்பேன். "தம்பி, ரொம்ப நன்றிப்பா" என்றேன். "வாசிச்சது நீங்கதானேக்கா" என்றார்.

மேனேஜரிடம் போனேன். நான்தான் எடுத்தேன், நான்தான் மறந்தேன், அவள் மேல் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவர் லேபிள் ஒட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, "சரி விடும்மா. அந்தப் பிள்ளைக்குப் போனப் போட்டு நாளைக்கு வரச் சொல்லு. மெஷின் கோளாறு, சரியாயிருச்சுன்னு சொல்லு, போதும்" என்றார்.

உண்மையிலேயே எனக்கு ஆசைதான். மெஷின் கோளாறு என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது. எனக்குக் கண்டிப்பாக வலிக்காது. ஆனால் மெஷினில் கோளாறு இல்லை. அது காலையிலிருந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

"சார், பட்டியல்ல அவ பேரு?"

"அதெல்லாம் அப்படியேதான் இருக்கு. இன்னும் அனுப்பல."

"போன்ல வேண்டாம் சார். நான் நேர்ல போயிட்டு வாரேன்."

அந்த வரிகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பஸ் ஏறினேன். அன்றைக்கு மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. மழை பிடிப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிட்டேன். அவள் வீடு எனக்குத் தெரியாது. பேக்கிங்கில் இன்னொரு பெண்ணிடம் கேட்டு வைத்திருந்தேன். தெப்பக்குளம் தாண்டி மூன்றாவது சந்து, பச்சை கேட். ஆறு வருஷம் பக்கத்தில் வேலை பார்த்தவளின் வீட்டுக்கு இதுதான் முதல் தடவை.

அவள்தான் கதவைத் திறந்தாள். "வாங்கக்கா" என்றாள். அதைச் சொல்லிவிட்டுப் பயந்துபோய் நின்றாள். வேறு ஏதோ புது வினை வந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள். உள்ளே அவள் புருஷன் தறிக் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டைப் பித்தானைப் போட்டபடி எழுந்து நின்றுவிட்டார்.

வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை. தாளை எடுத்தேன்.

"லேபிள் வந்துருச்சு. நீ ஒண்ணும் பண்ணல. நான் பண்ணுனது. பூஜைக்கு டிஸ்க்கக் கழத்திக் குடுத்துட்டு மறந்துட்டேன். ஓம் மேல சொன்னது தப்பு. மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு வா. பட்டியல்ல ஓம் பேரு அப்படியேதான் இருக்கு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா அக்கா?" என்றாள். "நான்தான் பண்ணிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். பஸ்ல வாரப்ப பூராவும் யோசிச்சேன். எந்தப் பட்டனத் தட்டுனேன், எந்தப் பட்டனத் தட்டுனேன்னு. நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும். இவியகிட்டயும், நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லிட்டேன்."

புருஷன் தலையை ஆட்டினார்.

எனக்கு அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. நான் சொன்னதை மேனேஜர் நம்பினார், அது எனக்குத் தெரியும். ஆனால் அவளும் நம்பியிருந்தாள். தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு பதினொரு கிலோமீட்டர் வந்திருக்கிறாள்.

"அந்தத் தாள்ல என்னக்கா போட்டிருக்கு?"

"என்னைக்கு, எத்தன மணிக்கு, யாரு கழத்துனாங்கன்னு போட்டிருக்கு."

"வாசிங்க."

நின்றபடியே வாசித்தேன். என் லாகின் பெயரை இந்த முறை விழுங்காமல் வாசித்தேன். பதினொன்று நாற்பத்திரண்டு, யு.எஸ்.பி. டிஸ்கனெக்ட் என்ற வரிக்கு வந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பூஜை அன்று பேக்கிங் செக்‌ஷனைப் பதினொரு மணிக்கே விட்டுவிட்டார்கள். அவள் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தாள்.

"பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு நான் பஸ்ல இருந்தேன்" என்றாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டீயளா? நான் பஸ்ல இருந்தேன்."

பிறகு என்னிடம், "அக்கா, அந்த வரிய மட்டும் இன்னொரு தடவ வாசிங்க" என்றாள்.

வாசித்தேன்.